அறுபதில் அதே முகம்

நான் போட்டோ ரீடச்சிங் வேலை பார்க்கிறவன். ஏஐ வந்த பிறகு எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு கோரிக்கை அடிக்கடி வருகிறது. இளவயதில் இறந்துபோன அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "இருந்திருந்தா இப்ப அறுபது ஆகியிருக்கும். அந்த வயசுல எப்படி இருந்திருப்பாரோ அப்படிச் செஞ்சு தாங்க" என்கிறார்கள். ஐம்பதோ எழுபதோ யாரும் கேட்பதில்லை. அறுபது நமக்கு மணிவிழா வயது. தமிழ் ஆண்டுகளின் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்ப வருகிற வயது. 1966இல் பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு 2026 சித்திரையில் அதே பராபவ திரும்புகிறது. கூடப் படித்தவர்களும் பங்காளிகளும் திருக்கடையூருக்குக் கிளம்பும்போது, இல்லாதவரின் முகத்தையும் வீட்டார் தேடத்தானே செய்வார்கள்.

ஏஐ எடிட்டரில் படத்தைப் போட்டு "இவரை அறுபது வயதாக்கு" என்று எழுதினால் சில நொடிகளில் ஒரு முகம் வந்துவிடும். அது பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் இருக்கும். ஒன்று, அதே முப்பது வயதுப் பையனுக்குத் தலையை நரைக்கவைத்து நெற்றியில் மூன்று கோடு போட்டிருக்கும். இல்லையென்றால் களையான, கண்ணியமான, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் வந்து நிற்பார். மூக்கு நேராகியிருக்கும், நிறம் ஒரு படி வெளுத்திருக்கும், வயது எழுபத்தைந்து சொல்லலாம். "எலும்பமைப்பு மாறாமல்" என்று ஒரு வரி சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. இயந்திரத்துக்கு மண்டையோடு தெரியாது. தோலின் மேல் விழுந்த வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். எலும்பு எங்கெல்லாம் வெளியே காட்டிக்கொடுக்கிறதோ அந்த இடங்களை நாம்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

அதற்கு முதலில் முப்பதிலிருந்து அறுபதுக்குள் முகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எலும்பு அப்படியே இருக்கும், தோல்தான் சுருங்கும் என்று பலரும் நினைக்கிறோம். எலும்பும் மாறுகிறது. கண்குழியின் விளிம்பு, மூக்குப் பக்க மேல்முனையிலும் வெளிப்பக்கக் கீழ்முனையிலும் மெல்ல விலகிக் குழி பெரிதாகிறது. மேல்தாடை சற்று உள்ளே போகிறது. அதனால் மூக்குக்கு அடியில் இருந்த முட்டு குறைந்து, மூக்குநுனி லேசாகக் கீழே இறங்குகிறது. பல் விழுந்தவர்களுக்குத் தாடையின் உயரமே குறையும். ஆனால் இரண்டு கண்களுக்கும் இடையிலான தூரம், கன்ன எலும்பின் அகலம், மூக்குத்தண்டின் வளைவு, மோவாயின் அடிப்படை வடிவம், தலையின் வடிவம், இவை ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. பல வருஷம் கழித்துப் பார்க்கிற ஒருவரை "நீ இன்னார்தானே" என்று நாம் பிடிப்பது இவற்றை வைத்துத்தான்.

பெரிய மாற்றம் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிறது. கன்னத்துக் கொழுப்பு ஒரே திட்டாக இருப்பதில்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. வயதாக ஆக ஆழத்தில் இருக்கிற அறைகள் வற்றுகின்றன, மேலே இருப்பவை தொய்கின்றன. கன்னத்தின் நடுப்பகுதி தட்டையாகி, மூக்கோரத்திலிருந்து வாய்வரை வரும் மடிப்பு ஆழமாகிறது. நெற்றிப்பொட்டு குழிவிழுகிறது. தாடையோரத்தில் தொங்கும் சதையைக் கவனித்துப் பாருங்கள். மோவாய்க்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தோலை எலும்போடு பிடித்துவைக்கும் நார் ஒன்று இருக்கிறது. சதை அதைத் தாண்டி வர முடியாமல் அதன் பின்னாலேயே தேங்குவதால், மோவாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். ஒரு முகம் ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதை நரையைவிட நம்பகமாகச் சொல்வது இந்தப் பள்ளம் என்பது என் எண்ணம். இயந்திரம் போடுகிற அவசரமான அறுபதில் இது அநேகமாக இருப்பதே இல்லை.

சரி, ஒரு வேலையை எடுத்துச் சொல்கிறேன். குடும்பத்தின் அனுமதி இருக்கிறது, பெயர் வேண்டாம். 1966இல் பிறந்தவர், 2000இல் இறந்துவிட்டார். நல்ல நிலையில் இருந்தது 1998இல் எடுத்த ஒரு பாஸ்போர்ட் படம், முப்பத்திரண்டு வயது. மகள் கொண்டுவந்தாள். "அண்ணே, அம்மா போட்டோ பக்கத்துல வைக்கணும். சும்மா முடியை வெள்ளையாக்கிக் குடுத்திராதீங்க" என்றாள். அவள் ஏற்கெனவே போனில் ஏதோ ஆப்பில் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்த அவள் அம்மா, "இது யாருடி?" என்று கேட்டாராம்.

படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருளில் முதலிலேயே போடக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். மங்கலான கண்ணைத் தெளிவாக்கும்போது அது அந்த மனிதரின் கண்ணைத் தேடி எடுப்பதில்லை, தான் படித்த ஆயிரக்கணக்கான கண்களிலிருந்து பொருந்துகிற ஒன்றை வைத்துவிடுகிறது. முகம் அங்கேயே கைமாறிவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் CodeFormer போன்றவற்றில் ஓர் அளவுகோல் இருக்கும். அதை 1 பக்கம் தள்ளினால் மூலத்துக்கு நெருக்கமாகவும், 0 பக்கம் தள்ளினால் பார்க்கப் பளபளப்பாகவும் வரும். நான் 1 பக்கமே நிற்பேன். கீறலையும் பூஞ்சையையும் கையால் எடுத்ததோடு இந்தப் படத்தை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு முகத்தைப் படித்தேன். மூக்குத்தண்டு படத்தின் இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. அதே பக்கத்துப் புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு, அங்கே முடி கிடையாது. கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். காதுமடலின் அடி தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு கண் மற்றதைவிட ஒரு நூல் மேலே. ஏஐ முதலில் அழிப்பது இவற்றைத்தான். அது இயல்பாகவே இரண்டு பக்கத்தையும் சமமாக்கப் பார்க்கும். சாய்ந்த மூக்கை நிமிர்த்தும், தழும்பில் முடி வைக்கும், மச்சத்தைத் துடைத்துவிடும் அல்லது எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைக்கும். சாடைக்குச் சாடை எல்லாம் சரியாக இருந்தும் வீட்டார் "அவர் இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சமமாக்கலால்தான்.

அவருக்கு மூன்று வயது மூத்த அண்ணன் இருக்கிறார். முகச்சாடை நன்றாகவே ஒத்துப்போகும். அவருடைய முப்பது வயதுப் படம் ஒன்று, அறுபது வயதுப் படம் ஒன்று கேட்டு வாங்கினேன். வயதேற்றும் வேலைக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சோதனை இதுதான். அண்ணனின் இளவயதுப் படத்தை அறுபதாக்கச் சொல்லி, வருவதை அவருடைய உண்மையான அறுபதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இயந்திரம் எங்கே தவறுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே தெரிந்துவிடும்.

தெரிந்தது இதுதான். நெற்றியிலும் கண்ணோரத்திலும் இயந்திரம் போட்ட சுருக்கத்தில் பாதிகூட உண்மைப் படத்தில் இல்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு மெலனின் பாதுகாப்பு அதிகம், அதனால் வெயிலில் வரும் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாக வரும். வயது நிறத்தில்தான் முதலில் எட்டிப்பார்க்கும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் கருமை படியும், கன்னத்தில் மிளகளவுகூட இல்லாத கறுப்பு மருக்கள் தோன்றும். இயந்திரமோ வெள்ளைக்காரத் தோலுக்கு வருகிற மாதிரி, மெல்லிய காகிதத்தைக் கசக்கியதுபோல் சுருக்கம் போட்டு, நிறத்தையும் வெளுக்க வைத்திருந்தது. தாடையோரத் தொய்வு மட்டும் உண்மையில் இருந்த அளவுக்கு வரவில்லை. காதும் வளரவில்லை.

காது வளருமா என்று மகள் கேட்டாள். வளரும். 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட 206 பேரின் காதை அளந்து, ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் நீளுவதாகச் சொன்னார்கள். முப்பத்திரண்டிலிருந்து அறுபதுக்கு இருபத்தெட்டு வருஷம். கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர்.

பாஸ்போர்ட் படத்தில் 6 மில்லிமீட்டரை எப்படி அளப்பது? கண்ணுக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. கருவிழியின் அகலம் பெரியவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான், வயதோடு மாறுவதும் இல்லை. இந்த ஸ்கேனில் கருவிழி 40 பிக்சல் அகலம் வந்தது. அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சலுக்குச் சற்று மேல். காது 20 பிக்சல் நீள வேண்டும். இதே கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். அறுபது வயதில் மேலிமை இறங்கிக் கண் சிறுத்துத் தெரியும், ஆனால் கருவிழி சிறுக்கக் கூடாது. ஏஐ கொடுத்த படத்தில் கருவிழி 35 பிக்சலாகிவிட்டது என்றால் அது இமையை இறக்கவில்லை, வேறு ஒரு கண்ணை வைத்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணனை வைத்துக் கற்றதையெல்லாம் சேர்த்து எழுதிய பிராம்ப்ட் கடைசியில் இப்படி நின்றது:

```
Edit this photo: the same man at 60.
Keep exactly: distance between eyes, cheekbone width,
chin shape, nose bridge leaning to image left,
hairless scar in the image-left eyebrow,
mole under the image-left eye, attached earlobes.
Change: heavier upper eyelids, hollow temples,
flatter mid-cheek, soft jowls with a small dip
beside the chin, thinner upper lip,
nose tip slightly lower, ears slightly longer.
Deep brown skin, same tone as photo, few fine lines,
darker around eyes, a few tiny dark moles on cheeks.
Grey at temples and moustache. Same pose and light.
```

இதில் சில சொற்களை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். இடது, வலது என்று சும்மா எழுதினால் அது அவருடைய இடதா, படத்தின் இடதா என்று இயந்திரம் குழம்பும். அதனால் படத்தின் பக்கத்தையே குறிப்பிட்டேன். old, elderly என்ற சொற்களை அடியோடு தவிர்த்தேன். அவை வந்த உடனே முகம் எழுபத்தைந்துக்கு ஓடிவிடும், எண் மட்டும் போதும். "சுருக்கம் வேண்டாம்" என்று எழுதுவதைவிட "மெல்லிய கோடுகள் சில" என்று எழுதுவது நல்லது. வேண்டாததைப் பெயர் சொன்னாலே பல மாடல்கள் அதைக் கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. முக்கியமாக, மாற வேண்டியவற்றின் பட்டியல் மாறக் கூடாதவற்றின் அளவுக்காவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் "அப்படியே வை" என்று பூட்டிவிட்டால், வயதைக் காட்ட முடியையும் கோடுகளையும் தவிர இயந்திரத்துக்கு வேறு வழி இருக்காது.

இவ்வளவு எழுதியும் ஒரே அடியில் முழு முகம் சரியாக வந்துவிடவில்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நாற்பதாக்கி, அதை ஐம்பதாக்கி, அதை அறுபதாக்கலாமே என்று தோன்றும். அப்படிப் போனால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் மாறிக்கொண்டே போவார். எப்போதும் மூலப் படத்துக்கே திரும்பிவர வேண்டும். நான் முழு முகமாகக் கிடைத்தவற்றில் தாடைப்பகுதி நன்றாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைப் பகுதி பகுதியாக மூலப் படத்தின் மேலேயே மாஸ்க் போட்டுச் செய்தேன். கணினியிலேயே ஓடும் Stable Diffusion இதற்கு வசதி. அதில் denoising strength என்று ஓர் அளவு இருக்கிறது. மூலத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அனுமதி கொடுப்பது அது. 0.3இல் வைத்தால் தோலின் மேல் மட்டும் வயது ஏறும், சதை தொய்யாது. 0.7க்குப் போனால் வேறு ஆள். தாடைக்கும் கழுத்துக்கும் 0.5 அளவில் கொடுத்தேன், கண் பகுதிக்கு 0.35க்கு மேல் ஏற்றவில்லை. மூக்குத்தண்டையும் புருவத் தழும்பையும் இயந்திரத்திடம் கொடுக்கவே இல்லை. மூலத்திலிருந்து வெட்டி வைத்து, தோலின் தன்மையை மட்டும் ஒத்துப்போக வைத்தேன். காதையும் கையால்தான் நீட்டினேன்.

சரிபார்க்க, இரண்டு படத்தையும் போட்டோஷாப்பில் மேல்கீழ் லேயராகப் போட்டு, கண்பாப்பா இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்தி, மேல் லேயரை அணைத்து அணைத்து ஏற்றிப் பார்ப்பேன். மாறக் கூடாத இடம் துள்ளினால் உடனே கண்ணில் படும். இந்தப் படத்தில் முதலில் கன்ன எலும்பு வெளியே துள்ளியது. நெற்றிப்பொட்டைக் குழியாக்கச் சொன்னதற்கு, கன்னத்தை அகலமாக்கி அந்தக் குழியைக் காட்டியிருந்தது இயந்திரம்.

முக ஒற்றுமையை எண்ணாகச் சொல்லும் மென்பொருள்களும் இருக்கின்றன. அந்த எண்ணை அதிகமாக்குவதே குறி என்று சிலர் வேலை செய்கிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. அண்ணனின் இரண்டு உண்மைப் படங்களையும் கொடுத்துப் பார்த்தேன். அதே ஆள், முப்பது வருஷ இடைவெளி. ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களுக்கு வருகிற எண்ணைவிட நன்றாகவே குறைந்திருந்தது. உண்மையான முதுமைக்கே எண் குறைகிறது என்றால், நாம் செய்த படத்துக்கு எண் மிக உயரமாக வந்தால் அதில் வயது போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு வந்த எண்ணின் பக்கத்தில் தம்பிக்கும் வந்தால் போதும்.

அப்புறம் வீட்டாரிடம் காட்டினேன். இந்தக் கட்டத்தில் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில் பயனில்லை. அழுதுவிடுவார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுவார்கள். படத்தைத் துண்டாக்கிக் காட்ட வேண்டும். முதலில் கண்பட்டை மட்டும், பிறகு வாயும் மோவாயும் மட்டும். அந்த அம்மா கண்ணைப் பார்த்ததும் தயங்கவே இல்லை. வாயைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அவுக அண்ணன் வாயி. இவரு கீழுதடு கொஞ்சம் தடியா இருக்கும்" என்றார். சரியாகச் சொன்னார். மேலுதடு மெலிய வேண்டும் என்று நான் எழுதியதை இயந்திரம் கீழுதட்டுக்கும் சேர்த்துச் செய்துவிட்டிருந்தது. அண்ணனுக்கு இயற்கையிலேயே கீழுதடு மெல்லியது. அளவுகோலுக்கும் எண்ணுக்கும் அகப்படாததை இருபத்தாறு வருஷம் கழித்தும் அவர் ஒரு பார்வையில் பிடித்துவிட்டார். மூலப் படத்தின் கீழுதட்டையே கொண்டுவந்து வைத்து, ஓரங்களில் மட்டும் கோடு இறக்கினேன்.

முடி விஷயத்தில் குடும்பத்துக்குள்ளேயே பேச்சு வந்தது. அண்ணனுக்கு உச்சி வழுக்கை, அவர்கள் அப்பாவுக்குக் கடைசிவரை அடர்த்தியான முடி. 1998 படத்தில் தம்பியின் நெற்றியோரம் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்ததால், முன்நெற்றி ஏறியதாகவும் உச்சியில் முடி இருப்பதாகவும் செய்தேன். இது ஊகம் என்று அவர்களிடமே சொன்னேன். "அவரு டை அடிக்காம வெளிய போக மாட்டாரு" என்றார் அம்மா. எனவே நரையோடு ஒன்று, மீசையும் தலையும் கறுத்து காதோரம் மட்டும் வெளுத்தது ஒன்று என இரண்டு போட்டேன். அவர் எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

இந்த வேலை எதைச் சொல்ல முடியாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். உடம்பு பெருத்திருப்பாரா, சர்க்கரை வந்து மெலிந்திருப்பாரா, முன்பல் போயிருக்குமா, பீடி சிகரெட் பழக்கம் தொடர்ந்திருக்குமா, ஒவ்வொன்றும் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கும். 1998 உடல்வாகையே நான் தொடர்ந்தேன், அவ்வளவுதான். படத்தின் பின்பக்கம் "கணினியில் உருவாக்கியது, மூலம் 1998" என்று அச்சடித்து, கோப்பின் பெயரிலும் அதையே வைத்து, தொடாத ஸ்கேனையும் அதே பென் டிரைவில் கொடுத்தேன். நாளைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் பழைய படங்களைக் கிளறும்போது எது கேமரா எடுத்தது, எது நாங்கள் செய்தது என்று தெரிய வேண்டும். சொத்துப் பத்திரம், வாரிசுச் சான்று என்று எங்காவது ஒட்ட வேண்டி வந்தால் 1998 படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன், அவள் அதைக் கவரின் மேல் எழுதிவைத்துக்கொண்டாள்.